வழுக்கிச் செல்லும் பொய்யும் தடுக்கி விழும் மெய்யும்

இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்து, "இவற்றுள் எந்த மொழிபெயர்ப்பு நன்று? சொல்லுங்கள்" என்று கேட்பது இன்று தமிழன்பர்களிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. கைப்பேசித் திரையை அப்படியே படமாக்கி அனுப்புகின்றனர். இசுகிரீன் சாட்டு என்று பலரும் வழங்கும் அதனைத் திரைப்பிடிப்பு என்போம். கேட்ட மணித்துளியிலேயே விடைகள் வந்து குவிகின்றன. "முதற் படமே நன்று, தடையின்றி ஓடுகிறது" என்பார் ஒருவர். "ஆம், ஆம்" என்பார் பதின்மர். அவ்வளவில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. மூலம் எங்கே என்று கேட்பவர் ஒருவரும் இலர்.

இதனைக் கண்டிக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. மூலத்தைப் பாராமல் மொழிபெயர்ப்புக்கு மதிப்பெண் இடுவது, வினாத்தாளைப் பாராமல் விடைத்தாளைத் திருத்துவது போன்றது. கையெழுத்து அழகாயிருந்தால் நூற்றுக்கு நூறு இடலாம் என்று எந்த ஆசிரியரும் ஒப்பமாட்டார். மொழிபெயர்ப்பிலோ அதனையே நாம் நாள்தோறும் செய்து கொண்டிருக்கின்றோம்.

பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. ஒன்றனை எடுத்து ஆய்ந்து காட்டுவோம். குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்துப் புட்டியோடு ஆங்கிலத்தில் ஒரு வழிகாட்டுத் தாள் வரும். பாராசிட்டமால் என்னும் மருந்தைப் பற்றிய அத்தகைய தாளின் ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். அதில் ஐந்து செய்திகள் உள்ளன. ஒன்று, குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் சொன்ன அளவை, உடன் வந்த கிண்ணத்தால் அளந்து கொடுக்க வேண்டும். இரண்டு, ஒருமுறைக்கும் மறுமுறைக்கும் இடையே குறைந்தது நான்கு மணிநேரம் கழிய வேண்டும். மூன்று, 24 மணிநேரத்திற்குள் நான்கு முறைக்கு மேல் கொடுக்கக் கூடாது. நான்கு, மருத்துவர் சொன்னாலன்றிப் பாராசிட்டமால் கலந்த வேறு எந்த மருந்தையும் உடன் கொடுக்கக் கூடாது. ஐந்து, அளவுக்கு மேல் கொடுத்துவிட்டால், குழந்தை நலமாகவே தோன்றினாலும், உடனே மருத்துவரை நாட வேண்டும்.

இப்பத்தியின் தமிழாக்கம் இரண்டு திரைப்பிடிப்புகளில் இருக்கிறது என்று கொள்க. முதற் படத்தில் உள்ளது இது:

"குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் சொன்ன அளவை, உடன் வந்த கிண்ணத்தில் ஊற்றிக் கொடுங்கள். நான்கு மணிநேரத்திற்கு ஒருமுறை கொடுக்கலாம். ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டா. மருத்துவர் சொன்னாலன்றி, வேறு காய்ச்சல் மருந்துகளை இதனுடன் கொடுக்காதீர்கள். அளவு கூடிக் குழந்தைக்கு நலம் குன்றினால், உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்."

இரண்டாம் படத்தில் உள்ளது இது:

"குழந்தையின் உடல் எடையின் அடிப்படையில் மருத்துவரால் கூறப்பட்ட மருந்தளவு, வழங்கப்பட்டுள்ள அளவுக் கோப்பையைப் பயன்படுத்திக் கொடுக்கப்பட வேண்டும். மருந்தளவுகளுக்கு இடையே குறைந்தபட்சம் நான்கு மணிநேர இடைவெளி விடப்பட வேண்டும். 24 மணிநேரங்களில் நான்கு மருந்தளவுகளுக்கு மேல் கொடுக்கப்படக் கூடாது. மருத்துவரால் அறிவுறுத்தப்பட்டாலொழிய, பாராசிட்டமாலைக் கொண்டிருக்கும் வேறு எந்த மருந்துடனும் இது எடுக்கப்படக் கூடாது. மிக அதிகமான மருந்தளவு கொடுக்கப்பட்டுவிட்டால், குழந்தை நலமாக இருப்பதாகக் காணப்பட்டாலும்கூட, உடனடி மருத்துவ கவனம் நாடப்பட வேண்டும்."

படிப்பவர் எவரும் முதலாவதையே விரும்புவர். அது நம் வீட்டுப் பேச்சுப்போல் ஓடுகிறது. இரண்டாவதோ ஓரடிக்கு ஒருமுறை தடுக்கி விழுகிறது. கைதூக்கச் சொன்னால் முதலாவதே வெல்லும். ஆயின், அவ்வெற்றி பெற்ற பத்தி ஒரு குழந்தையின் உயிரோடு விளையாடக் கூடியது என்பதை யார் காண்கின்றனர்?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மூலம், "குறைந்தது நான்கு மணிநேரம் கழிய வேண்டும்" என்கிறது. இது வேலி. நான்குக்கு முன் கொடாதே என்பது பொருள். ஐந்திலோ எட்டிலோ கொடுப்பதை அது தடுக்கவில்லை. காய்ச்சல் தணிந்துவிட்டால் கொடுக்கவே வேண்டியதில்லை. முதற் படமோ, "நான்கு மணிநேரத்திற்கு ஒருமுறை கொடுக்கலாம்" என்கிறது. இது வேலியன்று, கால அட்டவணை. "குறைந்தது" என்னும் ஒரு சொல் விழுந்தது. தடை, இசைவாக மாறிவிட்டது.

அடுத்து, மூலம் "24 மணிநேரம்" என்கிறது. முதற் படம் "ஒரு நாள்" என்கிறது. இரண்டும் ஒன்றுதானே என்பார் உளர். ஒன்றன்று. ஒரு தாய் காலை பத்து மணிக்கு முதன்முறை மருந்து கொடுக்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். முதற் படத்தின் சொற்படியே அவள் நடக்கட்டும். காலை பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. நான்கு முறை முடிந்தது. நள்ளிரவு கடந்தால் மறுநாள் பிறந்துவிடுகிறது. கணக்கும் புதிதாகத் தொடங்குகிறது. எனவே இரவு இரண்டு மணிக்கும், விடியல் ஆறு மணிக்கும் கொடுக்கின்றாள். முதல்நாள் காலை பத்திலிருந்து மறுநாள் காலை பத்துக்குள் அக்குழந்தையின் வயிற்றுக்குள் சென்றவை ஆறு முறை. மூலம் இசைந்ததோ நான்கு. அத்தாய் எழுதப்பட்ட எழுத்தை ஒன்றும் மீறவில்லை. மீறியவர் மொழிபெயர்த்தவரே.

நான்காம் சொற்றொடரில் நம்மவர் பலர் பாராட்டிய ஒரு பிழை இருக்கிறது. "பாராசிட்டமால் என்னும் அயற்சொல்லை நீக்கி, 'காய்ச்சல் மருந்து' என்று இனிய தமிழில் தந்துள்ளாரே" என்று மகிழ்கின்றனர். இம்மகிழ்ச்சியை நாம் ஒப்புவதற்கில்லை. பாராசிட்டமால் காய்ச்சல் மருந்தில் மட்டும் இல்லை. சளிக்கும் தும்மலுக்கும் தரும் கூட்டு மருந்துகள் பலவற்றில் அது கலந்திருக்கிறது. வலி மாத்திரைகளில் இருக்கிறது. முதற் படத்தைப் படித்தவள் வேறு காய்ச்சல் மருந்தைத் தவிர்ப்பாள்; சளி மருந்தைத் தவிர்க்க அவளுக்கு என்ன கரணியம் இருக்கிறது? அம்மருந்துப் புட்டியின் மேல் அச்சாகியிருக்கும் பெயரோ பாராசிட்டமால். அப்பெயரை இத்தாளிலும் கண்டிருந்தாலல்லவா, இரண்டும் ஒன்றே என்று அவள் அறிவாள்? பொருளை அடையாளங் காட்டும் பெயரை எடுத்துவிட்டு, அதனினும் குறுகிய பொருளுள்ள சொல்லை அவ்விடத்தில் வைப்பது தூய்மையன்று, மறைப்பு. தமிழெழுத்தில் எழுதிய ஒரு மருந்தின் பெயரால் தமிழ் கெட்டுவிடாது. தமிழ்ச்சொல் என்ற பெயரால் பிழையான பொருளைப் புகுத்தினாலோ, தமிழின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கையே கெடும்.

ஐந்தாவதே எல்லாவற்றினும் கொடியது. மூலம், "குழந்தை நலமாகவே தோன்றினாலும்" என்கிறது. முதற் படம், "நலம் குன்றினால்" என்கிறது. நம் மொழியில் 'உம்' என்பது ஓர் இடைச்சொல். நன்னூல் அதற்கு எட்டுப் பொருள் வகுத்துள்ளது. அச்சிறு சொல் இங்கே ஓர் உயிரின் காவல் நிற்கிறது. பாராசிட்டமால் அளவு கடந்து உட்சென்றால் அது கல்லீரலைத் தாக்கும். ஆயின் முதல் ஒருநாள் வரை பெரிதாக ஒன்றும் வெளியே தெரியாமல் இருக்கக்கூடும். குழந்தை விளையாடும், சிரிக்கும், உள்ளே கேடு வளர்ந்து கொண்டிருக்கும். மாற்று மருந்து உண்டு. அதனை முன்னரே கொடுத்தால்தான் முழுப் பயன். அதனாலேயே மூலம், "நலமாகத் தோன்றினாலும் உடனே செல்" என்றது. முதற் படம், "நலம் குன்றினால் செல்" என்றது. அஃதாவது, காத்திரு என்றது! காக்க வேண்டிய பொழுதையெல்லாம் கடத்திவிட்டுப் போகச் சொன்னது. இத்தகைய சொற்றொடருக்கா "ஓட்டம் நன்று" என்று கைதட்டுவது?

இனி இரண்டாம் படத்துக்கு வருவோம். பொருளளவில் அதில் ஐந்தும் இருக்கின்றன. குறைந்தது என்பது இருக்கிறது. 24 மணிநேரம் இருக்கிறது. மருந்தின் பெயர் இருக்கிறது. "காணப்பட்டாலும்" என்று உம்மை இருக்கிறது. எனவே இதனையே போற்றுவோமா? அதுவும் இல்லை. அது தமிழெழுத்தில் எழுதிய ஆங்கிலம். ஐந்து சொற்றொடருள் பத்து இடங்களில் 'படு' என்னும் துணைவினை வந்து படுத்துகிறது: கூறப்பட்ட, வழங்கப்பட்டுள்ள, கொடுக்கப்பட, விடப்பட என்று எண்ணிக்கொண்டே போகலாம். அதனால் செய்பவர் யார் என்பதே மறைந்துவிட்டது. மருந்தைக் கொடுப்பவள் தாய். ஆனால் பத்தி முழுவதிலும் அவளை நோக்கி ஒரு சொல்லும் இல்லை. நாம் மருந்தை உண்கின்றோம், குடிக்கின்றோம், கொடுக்கின்றோம். 'எடுப்பது' ஆங்கிலேயர் வழக்கு. "வேறு மருந்துடன் இது எடுக்கப்படக் கூடாது" என்றால், இரண்டு புட்டிகளையும் ஒருசேரக் கையில் எடுக்கக் கூடாதோ என்று ஓர் எளிய தாய் ஐயுறுவாள். "மருத்துவ கவனம் நாடப்பட வேண்டும்" என்றால், மருத்துவரிடம் ஓடு என்று பொருள் என்பது நள்ளிரவில், அழுகின்ற குழந்தையை மடியில் வைத்திருப்பவளுக்கு எப்படி விளங்கும்? விளங்காத மெய்யும் பயன்படாத மெய்யே.

இவ்விடத்தில், "பார்த்தீர்களா, மருத்துவம் போன்ற துறைகளைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் இடறும்" என்று கூறுவோர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். இடறுவது தமிழன்று. ஆங்கிலச் சொற்றொடரின் எலும்புக்கூட்டை அப்படியே எடுத்து, அதன்மேல் தமிழ்த் தோலைப் போர்த்தினால் அது எவ்வாறு நடக்கும்? மொழிபெயர்ப்பு நமக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், வழிநூலின் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக எண்ணியுள்ளது. மூலம் சொல்ல வந்ததைத் தமிழின் கட்டுக்குள் கொண்டுவர நம்மிடம் கருவிகள் உள்ளன. 'குறைந்தபட்சம்' என்ற சொல்லுக்கு 'ஆவது' என்னும் ஈறே போதும். தடைக்குத் 'கூடாது', 'கொடுக்காதீர்கள்' என்பன உள. விலக்குக்கு 'அன்றி' உளது. அவற்றைக் கொண்டே அப்பத்தியை எழுதிக் காட்டுகின்றோம்:

"குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் சொன்ன அளவை, மருந்தோடு வந்த கிண்ணத்தால் அளந்து கொடுங்கள். ஒருமுறை கொடுத்தபின் நான்கு மணிநேரமாவது கழியாமல் மறுமுறை கொடுக்காதீர்கள். எந்த 24 மணிநேரத்திற்குள்ளும் நான்கு முறைக்கு மேல் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமால் கலந்த வேறு எந்த மருந்தையும், மருத்துவர் சொன்னாலன்றி, இதனுடன் கொடுக்காதீர்கள். அளவுக்கு மேல் கொடுத்துவிட்டால், குழந்தை நலமாகவே தோன்றினாலும், உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்."

இதில் 'படு' ஒன்றேனும் உளதா? மூலத்தின் பொருள் ஒன்றேனும் குறைந்ததா? 'எந்த' என்னும் சொல் மட்டும் மூலத்தில் இல்லாதது. ஆயினும் அது புதுப்பொருள் சேர்க்கவில்லை. நள்ளிரவில் கணக்கைப் புதிதாகத் தொடங்கலாகாது என்று மூலம் உள்ளடக்கியிருந்ததை வெளிப்படுத்தியது, அவ்வளவே. இவ்வாறு சேர்ப்பதற்கும், முதற் படம் விட்டதற்கும் உள்ள வேறுபாட்டை நன்கு உணர வேண்டும். உள்ளதைத் தெளிவாக்குவது உரிமை; உள்ளதை மாற்றுவது களவு.

அப்படியாயின், இரு படங்கள் வந்தால் ஒப்பிடுவது எவ்வாறு? முதலாவது, மூலம் கைக்கு வரும்வரை வாய் திறவாதிருத்தல். திரைப்பிடிப்பு என்பது ஒரு சாளரம்; அதற்கு மேலும் கீழும் என்ன இருந்தது என்பதை அது காட்டாது. இறுதி வரி வெட்டுண்டிருக்கலாம். வெட்டுண்ட வரியிலேயே விலக்கு ஏதேனும் இருந்திருக்கலாம். ஒரு படத்தில் எழுத்துப் பெரிதாயும் மற்றதில் சிறிதாயும் இருந்தால், பெரிய எழுத்தே நல்ல தமிழ் என்று கண் ஏமாறும். எனவே இரண்டையும் ஒரு தாளில் ஒரே அளவான எழுத்தில் படியெடுத்து, சொற்றொடர்களுக்கு எண்ணிட்டு, யார் செய்தது என்னும் குறிப்பை நீக்கிவிட்டு, மூலத்தை அருகில் வைத்துக்கொள்க.

இரண்டாவது, பொருளையும் ஓட்டத்தையும் ஒரே பார்வையில் அளக்கலாகாது. பொருளை அளப்பவர் மூலத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொற்றொடரிலும் யார், எவ்வளவு, எப்பொழுது, எந்த நிலையில், கூடுமா கூடாதா என்று கேட்டுச் செல்ல வேண்டும். நாம் மேலே கண்ட பிழைகள் எல்லாம் இவ்வினாக்களில் சிக்கியவையே. ஓட்டத்தை அளப்பவரோ மூலத்தைக் காணவே கூடாது. கண்டுவிட்டால், தமிழில் இல்லாத பொருளையும் மூலத்திலிருந்து அவர் உள்ளம் இட்டு நிரப்பிக்கொள்ளும். இடறலும் இடறலாகத் தோன்றாது. மூலம் அறியாத ஒருவரிடம் பத்தியை ஒருமுறை படிக்கச் சொல்லித் தாளை வாங்கிக்கொள்க. பின்பு, "மாலை ஆறு மணிக்குக் கொடுத்தால் மறுமுறை எப்பொழுது?" என்று கேட்க. "இரவு பத்துக்குக் கொடுக்க வேண்டும்" என்றால் முதற் படம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அறிக. "பத்துக்கு முன் கூடாது" என்றால் பொருள் சென்று சேர்ந்தது. விழித்தால், இரண்டாம் படத்தின் நோய் அது.

மூன்றாவது, பிழைகளை எண்ணாதீர், நிறுத்துப் பாருங்கள். எண்ணினால், முதற் படத்தில் நான்கு பிழை. இரண்டாவதில் பத்துக்கும் மேல். எண்ணிக்கையின்படி முதலாவதே வெல்லும். ஆனால் படிப்பவரின் கை செய்யப்போகும் செயலை மாற்றும் பிழை ஒன்று, காதை உறுத்தும் பிழை ஐம்பதினும் கனமானது. இதற்கு ஓர் ஆழ்ந்த கரணியமும் உண்டு. ஓட்டக்குறை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாம் படத்தைப் படிக்கும் எவரும் முகஞ்சுளிப்பர், ஐயுறுவர், பிறரைக் கேட்பர், தமிழறிந்த ஒருவர் உட்கார்ந்தால் திருத்திவிடலாம். பொருட்குறையோ தன்னை மறைத்துக்கொள்ளும். சொற்றொடர் எவ்வளவு அழகோ அவ்வளவு ஆழமாக மறைந்திருக்கும். மூலத்தைத் திறவாமல் உலகத்துத் தமிழ்ப் புலவர் எல்லாரும் கூடினாலும் அதனைக் கண்டுபிடிக்க இயலாது. ஆதலின் இரண்டுள் ஒன்றைத்தான் கொள்ள வேண்டும் என்னும் நிலை வந்தால், மருந்துத் தாளுக்கும் சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் தடுக்கி விழும் மெய்யையே கொள்க. கொண்டு, உடனே திருத்துக. வழுக்கிச் செல்லும் பொய்யைத் திருத்தவும் முயலாமல் தள்ளுக.

இம்முறைக்கும் எல்லை உண்டு. கதைக்கும் பாட்டுக்கும் இதே நிறைகோலை அப்படியே தூக்கக் கூடாது. அங்கே ஓட்டமும் பொருளின் ஒரு கூறே. நகைச்சுவை இடறினால் அது நகைச்சுவையே அன்று. ஆயினும் அங்கும் மூலம் கையில் இன்றித் தீர்ப்புச் சொல்ல எவர்க்கும் உரிமையில்லை.

தமிழன்பர்களே! திரைப்பிடிப்புகளை அனுப்புவோர் மூலத்தையும் சேர்த்து அனுப்புங்கள். சேர்க்காமல் அனுப்பினால், பெறுவோர் விடை சொல்லாமல் மூலத்தைக் கேளுங்கள். தனித்தமிழ்ச் சொற்களை எண்ணி வெற்றி தோல்வி கூறுவதை இன்றோடு நிறுத்துங்கள். நல்ல தமிழ் என்பது, படித்தவர் பிழையின்றிச் செய்ய வேண்டியதைச் செய்யுமாறு சொல்வது. அத்தாயின் கையில் உள்ள கிண்ணத்தில் எவ்வளவு மருந்து விழுகிறது, எப்பொழுது விழுகிறது என்பதே இந்த மொழிபெயர்ப்புக்கு இறுதித் தேர்வு. அதில் தேறாத அழகு நமக்கு வேண்டா.